கட்டில் காலுக்குச் செங்கல் வைக்காதீர்கள்

போன மாதம் 28 வாரக் கர்ப்பிணி ஒருவரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். இடது கால் தொடை வரை வீங்கியிருந்தது. கெண்டைக்காலை லேசாக அழுத்தியதுமே முகம் சுருங்கியது. "நடமாட்டம் எப்படி?" என்று கேட்டேன். மாமியார் முந்திக்கொண்டார்: "நடக்கவே விடலை டாக்டரம்மா. எட்டு வாரமா படுக்கைதான். நஞ்சு கீழ இறங்கிடுச்சுன்னு ஸ்கேன்ல வந்துச்சு இல்ல, கட்டிலோட கால்மாட்டுக்கு ரெண்டு ரெண்டு செங்கல் வெச்சிருக்கோம்."

டாப்ளர் எடுத்துப் பார்த்தால் தொடை ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி. கர்ப்பத்தில் ரத்தம் இயல்பாகவே சீக்கிரம் உறையும். அதிலும் இடது காலில்தான் கட்டி அதிகம் வரும். அப்படியிருக்க, எட்டு வாரம் அசையாமல் படுக்க வைத்தால் என்ன ஆகும்? அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போயிருந்தால் உயிருக்கே ஆபத்து.

இத்தனைக்கும் அவருடைய அஞ்சாம் மாத ஸ்கேன் ரிப்போர்ட்டில் இருந்தது ஒரே வரி. பிளசென்டா, அதாவது குழந்தைக்கு ஊட்டம் தரும் நஞ்சுக்கொடி, பின்பக்கச் சுவரில், லோ லையிங், அதாவது கீழே, கீழ் விளிம்பு கருப்பை வாயின் உள்துளையிலிருந்து 14 மில்லிமீட்டர். அவ்வளவுதான். ரத்தப்போக்கு ஒரு சொட்டுகூட இல்லை. இந்த வருடம் இப்படிப் படுக்கையில் போடப்பட்டு என்னிடம் வந்தவர்களில் இவர் எத்தனையாவது என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எல்லாக் குழப்பமும் அந்த 'இறங்கிடுச்சு' என்ற சொல்லில்தான் தொடங்குகிறது. நஞ்சு மேலே இருந்து சறுக்கி வரவில்லை. கரு கருப்பைச் சுவரில் ஒட்டிய முதல் வாரங்களிலேயே அது எந்த இடத்தில் வளரும் என்பது முடிவாகிவிட்டது. மாடிப்படி ஏறியதாலோ, குடம் தூக்கியதாலோ, பஸ்ஸில் வேலைக்குப் போனதாலோ அது கீழே வரவில்லை. அந்தப் பெண் என்னிடம் அழுதுகொண்டே கேட்டது, "அன்னிக்கு வளைகாப்புக்குப் போகாம இருந்திருந்தா இறங்கியிருக்காதா மேடம்?" என்றுதான். இறங்கவே இல்லை அம்மா. யார் மேலும் தப்பு இல்லை. இறங்காத ஒன்றைக் காலைத் தூக்கி வைத்து ஏற்றவும் முடியாது. கருப்பைச் சுவரோடு வேர் விட்ட திசு அது. கட்டிலைச் சாய்த்தால் உருண்டு போகாது.

அப்படியானால் 'மேலே போயிடும்' என்று நாங்கள் சொல்வது என்ன? என் மேஜை டிராயரில் பலூன் பாக்கெட் ஒன்று வைத்திருக்கிறேன். ஊதாத பலூனின் வாய்க்குப் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டி ஊதிக் காட்டுவேன். பொட்டு ஒட்டிய இடத்திலேயே இருக்கும், ஆனால் பலூன் வாய்க்கும் அதற்கும் நடுவில் ரப்பர் நீண்டு இடைவெளி விழும். கருப்பையிலும் இதுதான் நடக்கிறது. 20 வாரத்தில் கருப்பையின் அடிப்பகுதி ஏறக்குறைய அரை சென்டிமீட்டர் நீளம். பிரசவ நேரத்தில் அதுவே 5 சென்டிமீட்டரைத் தாண்டிவிடும். இந்த நீட்சியில் பெரும்பகுதி ஏழாம் மாதத்துக்குப் பிறகுதான். அஞ்சாம் மாதத்தில் 14 மில்லிமீட்டர் என்று அளந்தது, இன்னும் நீளவே தொடங்காத ஓர் இடத்தை.

பலூனில் காட்ட முடியாத இன்னொன்றும் உண்டு. நஞ்சு, ரத்த ஓட்டம் நன்றாக இருக்கும் மேல்பக்கம் பார்த்துப் படர்கிறது. ரத்தம் குறைவாக வரும் கருப்பை வாய்ப் பக்கத்தில் அதன் விளிம்பு மெலிந்து சுருங்குகிறது. இரண்டும் சேர்ந்து, 20 வாரத்தில் கீழே தெரிந்த நூறு பேரில் ஏறக்குறைய தொண்ணூறு பேருக்குப் பிரசவத்துக்குள் விலகிவிடுகிறது. மூன்றாம் மாத ஸ்கேனிலேயே 'லோ லையிங்' என்று எழுதியிருந்தால் அதைத் தூக்கிக்கொண்டு ஓடி வராதீர்கள். அந்த வயதில் அதற்கு அர்த்தமே இல்லை.

அளவிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மூத்திரப்பை முட்ட முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு வயிற்றின் மேல் ஸ்கேன் கருவியை வைத்துப் பார்க்கும்போது, நிறைந்த பை கருப்பையின் முன்சுவரைப் பின்சுவரோடு அழுத்திவிடும். மேலே இருக்கும் நஞ்சுகூட வாயை மூடியதுபோல் தெரியும். சந்தேகம் இருந்தால் சிறுநீர் கழித்துவிட்டு, உள்வழி ஸ்கேன் எடுப்பதுதான் சரியான அளவு. "உள்ள விட்டா ரத்தம் வந்துடும்" என்று மறுக்கிறார்கள். அந்தக் கருவி கருப்பை வாயைத் தொடாமல் சற்று முன்னாலேயே நிற்கும். பயப்பட வேண்டாம்.

எனக்குக் கவலை, எஞ்சும் அந்தப் பத்துப் பேரைப் பற்றித்தான். நஞ்சின் நடுப்பகுதியே வாயின் மேல் படர்ந்திருந்தால் விலகும் வாய்ப்பு குறைவு. முன்பு சிசேரியன் ஆனவருக்கு நஞ்சு முன்சுவரில், கீழே இருந்தால், 'மேலே போயிடும்' என்று சொல்லி யாரும் அனுப்பக் கூடாது. பழைய தையல் தழும்புக்குள் நஞ்சு வேர் விட்டிருக்கலாம். பிரசவத்தில் அது பிரியாமல் லிட்டர் கணக்கில் ரத்தம் போகும். உங்களுக்கு முன்பு சிசேரியன் ஆகியிருந்தால் ஸ்கேன் மேஜையில் படுக்கும் முன்பே அதைச் சொல்லிவிடுங்கள். கேட்பார்கள் என்று காத்திருக்காதீர்கள்.

32 வாரத்தில் மறு ஸ்கேன் கட்டாயம். "ஒண்ணும் ரத்தம் வரலையே, எதுக்குச் செலவு" என்று தள்ளிப் போடுகிறவர்களிடம் நான் கோபப்படுவது உண்மைதான். நஞ்சு விலகிப் போனபின் குழந்தையின் ரத்தக்குழாய் மட்டும் வாயின் மேல் தங்கிவிடுவது அபூர்வமாக நடக்கும். பனிக்குடம் உடையும்போது அது கிழிந்தால் போவது குழந்தையின் ரத்தம். கலர் டாப்ளரில் அதையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். விளிம்பு 20 மில்லிமீட்டருக்கு மேல் விலகியிருந்தால் நஞ்சின் காரணமாக சிசேரியன் தேவையில்லை. அதற்குக் குறைவாக இருந்தால் 36 வாரத்தில் இன்னொரு முறை பார்ப்போம். அப்போதும் வாயை மூடியே இருந்தால் சிசேரியன்தான், அதில் பேரம் இல்லை.

அதுவரை சமையுங்கள், நடங்கள், வேலைக்குப் போங்கள். நஞ்சு வாயை மூடியிருந்தாலோ ரத்தம் பட்டிருந்தாலோ மட்டும் தாம்பத்தியத்தைத் தவிருங்கள், நீண்ட பயணத்தைப் பற்றி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். இந்த ரத்தப்போக்கில் வலி இருக்காது. தூங்கி எழுந்தால் புடவை சிவப்பாக நனைந்திருக்கும், பிறகு தானாக நின்றும்விடும். நின்றுவிட்டதே என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள், நள்ளிரவானாலும் ரத்த வசதியுள்ள மருத்துவமனைக்கு வாருங்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். விரல் விட்டுப் பரிசோதிக்க யாராவது வந்தால், "நஞ்சு கீழ இருக்குன்னு சொல்லியிருக்காங்க" என்று முதலில் சொல்லுங்கள். ரத்த வகை நெகட்டிவ் என்றால் அதையும் சொல்லுங்கள், அதற்குத் தனி ஊசி உண்டு.

அந்தப் பெண்ணுக்குப் போன வாரம் 32 வார ஸ்கேன் முடிந்தது. விளிம்பு 34 மில்லிமீட்டர் தள்ளிப் போயிருக்கிறது, குழாய் எதுவும் குறுக்கே இல்லை. நஞ்சுப் பிரச்சினை முடிந்தது. ஆனால் ரத்தக்கட்டிக்கான ஹெப்பாரின் ஊசியைத் தினம் இரண்டு வேளை வயிற்றில் போட்டுக்கொள்கிறார். பிரசவம் வரைக்கும், அதற்குப் பிறகு இன்னும் ஆறு வாரத்துக்கும் போட வேண்டும்.