‘மீதிக் கதை’யை நான் எழுத முடியாது

வேலூரில் ஒரு நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் பல வருடம் உதவி ஆசிரியராக இருந்தேன். கல்லூரிகளில் மாணவர்கள் எடுத்த குறும்படம் திரையிடப்படும்போது எங்களுக்கு ‘பிரஸ் கிட்’ என்று ஒன்று வரும். கதைச்சுருக்கம், குழுவினர் பற்றிய குறிப்பு, ஸ்டில்ஸ், இயக்குநர் குறிப்பு எல்லாம் அதில் இருக்கும். இருந்தும் பெரும்பாலும் ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பகுதியில் இரண்டு வரியோடு முடிந்துவிடும். படம் மோசமாக இருந்ததால் அல்ல. படத்தை நாங்கள் பார்த்திருக்கவே மாட்டோம். வந்த கோப்பை வைத்து எழுத முடியவில்லை, அவ்வளவுதான்.

போன வருடம் ஒரு மாணவி தன் கிட்டை அனுப்புவதற்கு முன்பே என்னிடம் கொண்டுவந்தார். 14 நிமிடப் படம். அணைக்கட்டு வட்டம் இலவம்பாடியில் முள் கத்திரி பயிரிடும் ஒரு விவசாயியின் கதை. அந்தக் காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அதனால் உள்ளூர்ப் பத்திரிகைக்கு இயல்பாகவே ஆர்வம் இருக்கும். ஆனால் அவருடைய கதைச்சுருக்கம் இப்படி இருந்தது: ‘மண்ணுக்கும் மனிதனுக்கும் இடையிலான உறவை உணர்வுபூர்வமாகச் சொல்லும் படைப்பு. ஒரு விவசாயியின் வாழ்வில் ஓர் இரவு நடக்கும் சம்பவம் என்ன? அதிலிருந்து அவர் மீண்டாரா? என்பதே மீதிக் கதை.’

“இதில் கத்திரிக்காய் எங்கேம்மா?” என்றேன்.

“சஸ்பென்ஸ் போயிடும் சார்.”

கத்திரிக்காயில் என்ன சஸ்பென்ஸ்! மறைக்க வேண்டியது முடிவை மட்டும்தான். ஆள் யார், ஊர் எது, அவருக்கு என்ன வேண்டும், எது குறுக்கே நிற்கிறது, இந்த நான்கும் எழுத்தில் இருந்தே ஆக வேண்டும். விழாவுக்குப் படத்தை அனுப்பும்போது தேர்வுக் குழுவுக்கு முடிவையும் சேர்த்து எழுதுவார்கள். பத்திரிகைக்கு முடிவுக்கு ஒரு படி முன்னால் நிறுத்திக்கொண்டால் போதும். இருவரும் உட்கார்ந்து எழுதியதில் இப்படி வந்தது:

‘இலவம்பாடியில் முள் கத்திரி பயிரிடும் 60 வயது விவசாயி, விதைக்காகச் செடியிலேயே பழுக்க விட்ட காய்களை ஓர் இரவு மழையில் இழக்கிறார். அடுத்த நடவுக்கு விதை இல்லை. ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகும் மகளிடம் ஒரு பிடி விதை இருக்கிறது. அதை அவள் வைத்திருப்பது வேறொரு காரணத்துக்காக.’

சுமார் 35 சொற்கள்தான். ஒரு பத்திச் செய்திக்கு இதை அப்படியே எடுத்துப் போடலாம். கூடவே 150 சொற்களில் இன்னொன்றும் இருந்தால், இடம் இருக்கும் நாளில் அது உதவும்.

அடுத்தது ஸ்டில்ஸ். பெரும்பாலான கிட்கள் இங்கேதான் விழுகின்றன. அவர் கொண்டுவந்த எட்டுப் படங்களும் எடிட்டிங் டைம்லைனிலிருந்து பிடித்த ஃபிரேம்கள். 1920×1080 பிக்சல் அளவு, பத்திரிகையில் மூன்று பத்தி அகலத்துக்கு அது போதும். சிக்கல் அளவில் இல்லை. நொடிக்கு 25 ஃபிரேம் வைத்து எடுக்கும்போது ஒவ்வொரு ஃபிரேமும் வழக்கமாக 1/50 நொடி வெளிச்சம் வாங்குகிறது. காய் பறிக்கும் கை அதற்குள் நகர்ந்துவிடும். படம் ஓடும்போது கண் அதை ஏற்றுக்கொள்கிறது. நிறுத்திப் பார்த்தால் விரல் இருக்கிற இடத்தில் ஒரு புகைதான் தெரியும். அதனால்தான் ஷாட் முடிந்ததும் நடிகர்களை இன்னொரு முறை அதே இடத்தில் நிற்கவைத்து, ஸ்டில் கேமராவில் 1/200 நொடி போல வைத்து எடுக்கச் சொல்வது. இதற்கென்று ஓர் ஆள் வேண்டும். கிளாப் அடிக்கிறவரே இதையும் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, இருட்டு. அவர்களுக்குப் பிடித்த படம், லாந்தர் வெளிச்சத்தில் விவசாயியின் முகம். திரையில் அழகு. செய்தித்தாள் காகிதமோ மையை உறிஞ்சும். புள்ளிகள் விரிந்து நிழல் பகுதி எல்லாம் ஒட்டிக்கொள்ளும். காலையில் பார்த்தால் கறுப்புக் கட்டம் ஒன்றுதான் இருக்கும். அதை ஒதுக்கி, பகலில் முகம் தெளிவாகத் தெரியும் இரண்டு படம், நெட்டுவாக்கில் ஒரு படம், படப்பிடிப்பில் இயக்குநர் நிற்கும் ஒரு படம் என்று நான்கு போதும் என்றேன். எட்டு அனுப்பினால் அவசரத்தில் இருக்கிறவர் முதலாவதைத்தான் எடுப்பார், முதலாவது எது என்பதைக் கோப்பின் பெயர் தீர்மானித்துவிடும்.

வாட்ஸப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் சுருங்கிப்போகும். ‘டாக்குமென்ட்’ என்று இணைத்தால் அப்படியே போகும். ஒவ்வொன்றுக்கும் குறிப்பு வேண்டும்: இடமிருந்து வலமாக யார் யார், எந்தக் காட்சி, படம் எடுத்தவர் யார்.

எழுத்துக் கோப்பு பற்றியும் சொல்ல வேண்டும், இதை யாரும் சொல்லித்தருவதில்லை. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வைத்து, டிசைன் செய்த பிடிஎஃப் ஒன்றைத்தான் மாணவர்கள் அனுப்புவார்கள். அதிலிருந்து தமிழை நகல் எடுத்து ஒட்டினால் கொம்பும் காலும் தனித்தனியாகச் சிதறும். பழைய எழுத்துருவில் தட்டியது என்றால் ஒரு எழுத்துகூடத் தேறாது. இரவு ஏழு மணிக்கு அதைத் திரும்பத் தட்டச்சு செய்ய யாருக்கும் பொறுமை இருக்காது. அனுப்புவதற்கு முன் உங்கள் பிடிஎஃபிலிருந்து ஒரு பத்தியை நகல் எடுத்து உங்களுக்கே வாட்ஸப்பில் ஒட்டிப் பாருங்கள். சிதறினால், யூனிகோடில் தட்டிய வேர்ட் கோப்பு ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள். பிடிஎஃப் அழகுக்கு இருக்கட்டும்.

குழுவினர் குறிப்பில் ஆளுக்கு 40 சொல் போதும். பள்ளியில் வாங்கிய பேச்சுப்போட்டிப் பரிசு வேண்டாம். இந்தப் படத்தில் என்ன செய்தார், இதற்கு முன் என்ன செய்திருக்கிறார், எந்த ஊர். பெயரைத் தமிழில் எப்படி எழுத வேண்டும் என்பதை அவரவரிடமே கேளுங்கள். முன்னெழுத்து ‘எஸ்’ஸா ‘ச’வா என்று நாங்கள் ஊகிக்கக் கூடாது. ஊரிலும் கவனம் வேண்டும். அந்தக் குழுவின் ஒளிப்பதிவாளர் ஆம்பூர்க்காரர். ‘வேலூர் மாவட்டம் ஆம்பூர்’ என்று எழுதியிருந்தார்கள். 2019இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததிலிருந்து ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டம். இப்படி ஒரு தவறு கண்ணில் பட்டால் மற்ற தகவலையும் சந்தேகத்தோடுதான் படிப்போம்.

இயக்குநர் குறிப்பு முதலில் ஒன்றரைப் பக்கம் இருந்தது. பாதி நன்றியுரை, மீதி கதைச்சுருக்கத்தின் மறுபதிப்பு. நன்றியைப் படத்தின் கடைசியில் போட்டாயிற்றே என்று அதை எடுத்தோம். ஏன் இந்தக் கதை என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “எங்க பாட்டி விதையைச் சாம்பல்ல பிரட்டி வறட்டி மாதிரி தட்டிச் சுவத்துல ஒட்டி வைப்பாங்க சார். வீடு மாத்தும்போது அந்தச் சுவத்தை இடிச்சிட்டோம்” என்றார். அதை எழுதச் சொன்னேன். அதோடு படத்தில் பின்னணி இசையே இல்லாததற்கு ஒரு காரணமும் சேர்த்து, 90 சொற்களில் முடித்தார்.

முதல் பக்கத்தில் மேலேயே நாள், கிழமை, நேரம், அரங்கு, படத்தின் நீளம், தொடர்புக்கு ஒரே ஒரு எண். ‘வரும் வெள்ளி’ என்று எழுதியிருந்ததைத் தேதியாக்கினோம். திரையிடலுக்கு நான்கு நாள் முன்னால் அனுப்பினார்.

செய்தி உள்பக்கத்தில் வந்தது. விளம்பரத்துக்குப் பக்கத்தில் ஒல்லியாக ஒரு இடம்தான் மிச்சம் இருந்ததாம். அங்கே நெட்டுவாக்கில் எடுத்த அந்தப் படம் உட்கார்ந்திருந்தது, படம் எடுத்தவர் பெயரோடு.