கேஜில் 10 பார், போர்வையில் ஈரம்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை செய்யும் வாசகர் ஒருவரின் கேள்வி: “இஸ்திரி எந்திரத்தின் பிரஷர் கேஜ் 10 பாரில் அசையாமல் நிற்கிறது. ஆனாலும் சில போர்வைகள் மொறமொறவென்றும் சில ஈரமாகவும் வருகின்றன. பாய்லர் பிரஷரைக் கூட்டினால் சரியாகுமா?”

ஆகாது. கேஜ் அழுத்தத்தைத்தான் காட்டும், உருளைக்குள் தேங்கிய தண்ணீரைக் காட்டாது.

10 பார் நீராவி சுமார் 184 டிகிரி சூட்டில் இருக்கும். சுழலும் உருளையின் உட்சுவரில் பட்டு அது தண்ணீராக மாறும்போது வெளிவிடும் உள்ளுறை வெப்பம்தான் துணியை உலர்த்துகிறது. அந்தத் தண்ணீருக்குக் கண்டன்சேட் என்று பெயர். உருளை சுழல்வதால் அடியில் ஓட்டை வைத்து அதை வடிக்க முடியாது. அதனால் அச்சு வழியாக ஒரு சைஃபன் குழாய் உள்ளே போய், வளைந்து, அடித்தளத்தை எட்டி நிற்கும். நீராவியின் அழுத்தம் தண்ணீரை அந்தக் குழாயில் ஏற்றி, வெளியே உள்ள ஸ்டீம் டிராப்புக்குத் தள்ளும். டிராப்பின் வேலை தண்ணீரை விட்டு நீராவியைத் தடுப்பது.

கோளாறு இந்தக் குழாயில்தான். தண்ணீர் மட்டம் குழாயின் வாய்க்குக் கீழே இறங்கியதும் கொஞ்சம் நீராவி உள்ளே நுழைந்து டிராப்பை எட்டுகிறது. டிராப்புக்குள் தண்ணீரோடு ஏறி இறங்கும் மிதவை தாழ்ந்து டிராப் மூடிக்கொள்கிறது. அதன் கடமை அதுதான். வெளியில் கிடக்கும் குழாயாக இருந்தால் சிக்கிய நீராவி அறைக்காற்றில் குளிர்ந்து தண்ணீராகிவிடும். சைஃபனோ அதே சூட்டில் உள்ள நீராவியின் நடுவே நிற்கிறது. வெப்பம் போக இடமில்லாததால் சிக்கிய நீராவி குளிர்வதில்லை, டிராப்பும் திறப்பதில்லை. இதுதான் நீராவிப் பூட்டு. உருளைக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டே போகிறது. டிராப் உடலும் வெளிக்குழாயும் மெல்லக் குளிர்ந்த பிறகு பூட்டு விடுபட்டு எல்லாம் ஒரே மூச்சில் வடியும். உடனே மறுபடி பூட்டிக்கொள்ளும். போர்வைகள் மாறி மாறிக் காய்ந்தும் நனைந்தும் வருவது இதனால்தான். உருளையின் ஓரத்தில் தொடு வெப்பமானியை வைத்துப் பார்த்தால் சூடு இறங்கி ஏறும் அதே தாளம் தெரியும்.

இதற்கு வேண்டியது நீராவிப் பூட்டை விடுவிக்கும் ஊசி வால்வு உள்ள மிதவை டிராப். சிக்கிய நீராவி மெல்லக் கசிந்து வெளியேற அந்த வால்வு வழி விடும். முழுதாக மூடிவிட்டு, சூட்டின் ஏற்ற இறக்கம் நிற்கும் வரை கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தால் போதும். டிராப்பைச் சுற்றிப்போகும் பைபாஸைத் திறந்துவைப்பது பல இடங்களில் சடங்காகவே ஆகிவிட்டது. அது கண்டன்சேட்டைப் பாய்லருக்குக் கொண்டுபோகும் திரும்புகுழாயில் நீராவியை நிரப்பி, பக்கத்து எந்திரங்களின் டிராப்புகளையும் திணறடிக்கும். ஒரு எந்திரத்துக்கு ஒரு டிராப் என்பதிலும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

அடுத்தது திரும்புகுழாயின் அளவு. அந்த இஸ்திரி மணிக்கு 150 கிலோ நீராவி எடுப்பதாக வைத்துக்கொள்வோம். 150 கிலோ தண்ணீருக்கு 15 மிமீ குழாயே தாராளம் என்று தோன்றும். ஆனால் 184 டிகிரித் தண்ணீர் டிராப்பைத் தாண்டி வளிமண்டல அழுத்தத்துக்கு வந்ததும் அதில் ஏறக்குறைய 16 சதவீதம் மறுபடி நீராவியாகிவிடும். 24 கிலோதான், ஆனால் அது மணிக்கு 40 கன மீட்டர் இடத்தை அடைக்கும். வினாடிக்கு 15 மீட்டர் வேகத்துக்குள் அதை ஓடவிட 32 மிமீ குழாய் தேவை. சிறிய குழாய் போட்டால் பின்னழுத்தம் ஏறி டிராப்பின் திறன் குறையும். திரும்புகுழாயை மேலே ஏற்றினாலும் ஒவ்வொரு மீட்டருக்கும் 0.1 பார் போய்விடும்.

10 பாரைக் குறைத்துக் கொடுக்கும் அழுத்தக் குறைப்பு நிலையத்திலும் எடையல்ல, கன அளவுதான் கணக்கு. துவைக்கும் எந்திரங்களுக்கு மணிக்கு 300 கிலோ, 3 பாரில் வேண்டும் என்போம். வினாடிக்கு 25 மீட்டர் வேகத்தில், 10 பார் பக்கம் 32 மிமீ குழாய் போதும். 3 பாரில் அதே நீராவி 2.6 மடங்கு விரிவதால் அந்தப் பக்கம் 50 மிமீ வேண்டும். குறைப்பு வால்வைக் குழாய் அளவுக்கு வாங்காமல் ஓட்டத்துக்கு ஏற்ற அளவில் வாங்க வேண்டும். “நாளைக்கு விரிவாக்கினால் உதவும்” என்று பெரிதாக வாங்குவது, என் பார்வையில், காசைக் கொடுத்து கோளாறை வாங்குவது. பெரிய வால்வு எப்போதும் மயிரிழை அளவே திறந்து நிற்கும். அழுத்தம் அலைபாயும், வேகமாகப் பாயும் ஈர நீராவி வால்வு அமர்ந்து மூடும் இருக்கையை அரித்துப் பள்ளமாக்கும்.

வால்வுக்கு முன் ஈரம் பிரிப்பானும் அதற்கென ஒரு டிராப்பும், பிறகு வடிகட்டியும் வரும். வடிகட்டியின் கூடையைக் கீழே தொங்கவிடாமல் பக்கவாட்டில் படுக்கவைக்க வேண்டும். தொங்கினால் அதில் தேங்கும் தண்ணீரை நீராவி வாரிக்கொண்டு போய் வால்வில் அடிக்கும். 3 பார் பக்கத்தில் பாதுகாப்பு வால்வு கட்டாயம். குறைப்பு வால்வு முழுதாகத் திறந்து சிக்கிக்கொண்டால் வரும் மொத்த நீராவியையும் அது வெளியேற்ற வேண்டும். 300 கிலோவுக்கு மட்டும் கணக்கிட்டுப் போட்டால், அந்த நேரத்தில் 3 பார் எந்திரங்கள்மேல் 10 பாரை நோக்கி அழுத்தம் ஏறும்.