எம்.டி. படிக்கப்போகும் அந்த மூன்று வாக்கியங்கள்

ஒரு விளம்பர இயக்கம் முடிந்ததும் எங்கள் கைக்கு வரும் அறிக்கை பெரும்பாலும் முப்பது, நாற்பது பக்கம் இருக்கும். எம்.டி. அதில் படிக்கப்போவது முதல் பக்கத்தின் மேலே இருக்கும் மூன்று வாக்கியங்களைத்தான். அதைப் படித்துவிட்டு அடுத்த இயக்கத்துக்குப் பணம் ஒதுக்குவார், அல்லது நிறுத்துவார். அதனால் மூன்று வாக்கியங்களை அழகாகச் சுருக்கி எழுதுவது இரண்டாவது வேலைதான். எந்த எண்ணை அங்கே வைக்கிறோம் என்பதே முதல் வேலை. நான் பார்க்கும் அறிக்கைகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் எம்.டி.யைத் தவறான முடிவுக்குத் தள்ளுகின்றன. எழுதுபவர் பொய் சொல்வதில்லை. திரையில் தெரிந்த எண்ணை அப்படியே எடுத்துப் போட்டிருப்பார், அவ்வளவுதான்.

ஒரு இயக்கத்தை எடுத்துக்கொண்டு பார்க்கலாம். மிக்ஸி தயாரிக்கும் கோவை நிறுவனம் ஒன்று, 2024 தீபாவளிக்கு முந்தைய ஐந்து வாரங்கள் தன் சொந்த இணையதள விற்பனைக்காக விளம்பரம் செய்தது. நிறுவனம் யாரென்று தெரியக்கூடாது என்பதால் தொகைகளை மாற்றியிருக்கிறேன்; கணக்கின் போக்கு அதேதான். மொத்தச் செலவு 20 லட்சம். இதில் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் விளம்பரங்களுக்கு 11 லட்சமும் கூகுளுக்கு 9 லட்சமும் போயின. அந்த 9 லட்சத்தில் 5 லட்சம், நிறுவனத்தின் பெயரையே தட்டச்சு செய்து தேடுகிறவர்களுக்குக் காட்டிய விளம்பரங்களுக்கானது.

விளம்பரங்களைக் கவனித்துவந்த குழு எழுதி அனுப்பிய சுருக்கம் இது: “தீபாவளி இயக்கம் 42 லட்சம் பேரைச் சென்றடைந்தது. 20 லட்சம் செலவில் 1.2 கோடி விற்பனை ஈட்டி, 6 மடங்கு ROAS தந்துள்ளது. இதே வேகத்தைத் தக்கவைக்க, பொங்கலுக்கு ஒதுக்கீட்டை உயர்த்தப் பரிந்துரைக்கிறோம்.”

படிக்க நன்றாகவே இருக்கிறது. ROAS என்பது விளம்பரத்தில் போட்ட ஒரு ரூபாய்க்கு எத்தனை ரூபாய் விற்பனை வந்தது என்ற எண். ஆறு ரூபாய் வந்தது என்றால் யார்தான் வேண்டாம் என்பார்? ஆனால் நான் கணக்குப் பிரிவில் கேட்டபோது, அந்த ஐந்து வாரங்களில் இணையதளத்துக்கு வந்த ஆர்டர்களின் மொத்த மதிப்பே 95 லட்சம் என்றார்கள். விளம்பரம் எதையும் பார்க்காமல் நேராக வந்து வாங்கியவர்களும் அதில் அடக்கம். கடையின் மொத்த விற்பனையைவிட விளம்பரத்தால் வந்த விற்பனை எப்படி அதிகமாக இருக்க முடியும்?

ஒரே விற்பனையை, இன்ஸ்டாகிராமையும் ஃபேஸ்புக்கையும் நடத்தும் மெட்டாவும் கூகுளும் தத்தம் கணக்கில் எழுதிக்கொள்வதால்தான். ஈரோட்டில் ஒருவர் திங்கட்கிழமை இன்ஸ்டாகிராமில் மிக்ஸி விளம்பரத்தைத் தொட்டுப் பார்க்கிறார், வாங்கவில்லை. வியாழக்கிழமை கூகுளில் அந்த நிறுவனத்தின் பெயரைத் தேடி, மேலே வரும் விளம்பரத்தைத் தொட்டு உள்ளே போய் 6,000 ரூபாய்க்கு வாங்குகிறார். நாம் எதையும் மாற்றாவிட்டால், மெட்டா பொதுவாகத் தன் விளம்பரத்தைத் தொட்ட ஏழு நாளுக்குள் நடக்கும் விற்பனையைத் தன்னுடையது என்று எண்ணும். தொடாமல் பார்த்துவிட்டு ஒரு நாளுக்குள் வாங்கினாலும் எண்ணும். கூகுளில், தொட்டதிலிருந்து முப்பது நாள். ஆகவே இங்கே ஒரு 6,000, அங்கே ஒரு 6,000. நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் வந்ததோ ஒரே 6,000. இரண்டு தளங்களும் தங்கள் விதிப்படி சரியாகத்தான் எண்ணுகின்றன. இரண்டையும் கூட்டி எம்.டி.க்கு அனுப்புவதுதான் தவறு.

ஆக, தொடங்க வேண்டிய இடம் விளம்பரத் தளத்தின் திரை இல்லை, நிறுவனத்தின் ஆர்டர் புத்தகம். 95 லட்சத்தில் ரத்தானதும் திரும்பி வந்ததும் 9 லட்சம். பொருள் வீட்டுக்கு வந்ததும் பணம் கொடுத்து வாங்கும் ஆர்டர்கள் நிறைய இருந்தால் இந்தத் தொகை இன்னும் கூடும். இயக்கம் முடிந்த மறுநாளே அறிக்கை எழுதினால் இது கண்ணில் படாது, இரண்டு மூன்று வாரமாவது பொறுக்க வேண்டும். மீதி 86 லட்சம். இந்தத் தொகையிலும், இணையதளம் விளம்பரத் தளங்களுக்கு அனுப்பும் விலையிலும் ஜி.எஸ்.டி. சேர்ந்தே இருக்கிறது. மிக்ஸிக்கு அது 18 சதவீதம். அரசுக்குப் போக வேண்டிய பணத்தை விற்பனை என்று சொல்ல முடியாது. அதைக் கழித்தால் சுமார் 73 லட்சம்.

அப்புறம்தான் கடினமான கேள்வி. விளம்பரமே செய்யாமல் இருந்திருந்தால் இந்த 73 லட்சத்தில் எவ்வளவு எப்படியும் வந்திருக்கும்? தீபாவளிக்கு மிக்ஸி வாங்குவது நம் வீடுகளில் வழக்கம்தானே. இதற்குப் பலரும் போன அக்டோபரை இந்த அக்டோபரோடு ஒப்பிடுவார்கள். 2023இல் தீபாவளி நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31. 2023 அக்டோபரில் கடைசி நேர வாங்கலே இல்லை, அது நவம்பருக்குப் போய்விட்டது. மாதத்தை மாதத்தோடு ஒப்பிட்டால் விளம்பரத்தால் விற்பனை பெருகியதுபோலத் தெரியும். உண்மையில் பண்டிகைதான் முன்னே வந்திருக்கிறது. தீபாவளிக்கு முந்தைய ஐந்து வாரங்களை, முந்தைய ஆண்டின் அதே ஐந்து வாரங்களோடு ஒப்பிட வேண்டும். முந்தைய ஆண்டு விளம்பரம் இல்லாமல் அந்த வாரங்களில் 33 லட்சம் விற்றிருந்தது. 2024இன் மற்ற மாதங்களில் விற்பனை பத்து சதவீத அளவில் வளர்ந்துவந்தது. ஆகவே விளம்பரம் இல்லாமலே ஏறக்குறைய 36 லட்சம் வந்திருக்கும் என்று கொள்ளலாம். விளம்பரம் கொண்டுவந்தது மீதி 37 லட்சம்.

பொருளின் அடக்கவிலை, பேக்கிங், கூரியர் எல்லாம் போக இந்த நிறுவனத்துக்கு நூறு ரூபாய் விற்பனையில் நாற்பது ரூபாய் நிற்கும். 37 லட்சத்தில் நின்றது சுமார் 15 லட்சம். செலவு 20 லட்சம். ஆறு மடங்கு வெற்றி என்று எழுதப்பட்ட இயக்கம் 5 லட்சம் கைநஷ்டம்.

இதோடு நிறுத்தினால் எம்.டி.க்குக் கோபம் வரும், முடிவெடுக்க வழி இருக்காது. எங்கே போனது அந்த 5 லட்சம்? இயக்கத்தின் கடைசி இரண்டு வாரங்களில் மதுரையிலும் சேலத்திலும் மட்டும், நிறுவனத்தின் பெயரைத் தேடுகிறவர்களுக்குக் காட்டும் விளம்பரத்தை நிறுத்திவைத்திருந்தோம். மற்ற விளம்பரங்கள் அங்கும் ஓடின. அதற்கு முந்தைய மூன்று வாரங்களில் மொத்த ஆர்டரில் இந்த இரண்டு ஊர்களின் பங்கு எவ்வளவு இருந்ததோ, நிறுத்திய பிறகும் கிட்டத்தட்ட அதே பங்குதான். விளம்பரம் இல்லாதபோது, மக்கள் அதற்குக் கீழேயே இருக்கும் இலவச இணைப்பைத் தொட்டு உள்ளே வந்துவிட்டார்கள். ஈபே நிறுவனம் 2012இல் தன் பெயருக்கான தேடல் விளம்பரங்களை நிறுத்திப் பார்த்தபோதும் இதுதான் நடந்தது; அந்த ஆய்வு 2015இல் வெளியானது. வேடிக்கை என்னவென்றால், குழுவின் அறிக்கையில் மிக உயர்ந்த ROAS காட்டியது இந்த விளம்பரம்தான். வாங்க முடிவு செய்துவிட்டு வாசலுக்கு வந்தவரை எண்ணினால் எண் உயராமல் என்ன செய்யும்? ஒரு எச்சரிக்கை: போட்டி நிறுவனம் உங்கள் பெயருக்கு விளம்பரம் போட்டுக்கொண்டிருந்தால் முடிவு மாறலாம். இந்த இரண்டு ஊர்களிலும் அப்போது அப்படி யாரும் இல்லை என்பதைப் பார்த்துக்கொண்டோம்.

இவ்வளவும் தெரிந்த பிறகே எழுத உட்கார்ந்தோம். எம்.டி.க்குப் போனது இது:

“தீபாவளி விளம்பரத்துக்கு 20 லட்சம் செலவழித்தோம்; அதனால் கூடுதலாக வந்த விற்பனையில் நமக்கு நின்றது சுமார் 15 லட்சம், ஆகவே 5 லட்சம் அளவுக்கு நஷ்டம். நம் பெயரைத் தேடி வருகிறவர்களுக்கே கூகுளில் காட்டிய 5 லட்ச ரூபாய் விளம்பரம்தான் காரணம்; மதுரையிலும் சேலத்திலும் அதை நிறுத்தியபோது ஆர்டர் குறையவில்லை (டீலர் கடை விற்பனை இந்தக் கணக்கில் சேரவில்லை). பொங்கலுக்கு அதை விட்டுவிட்டு மற்ற விளம்பரங்களை மட்டும் 8 லட்சத்துக்குள் நடத்த, வெள்ளிக்கிழமைக்குள் உங்கள் ஒப்புதல் வேண்டும்.”

முதல் வாக்கியத்தில் பணம், இரண்டாவதில் காரணமும் அதற்கான ஆதாரமும், மூன்றாவதில் அவர் செய்ய வேண்டியது. எத்தனை பேரைச் சென்றடைந்தோம் என்பதை எடுத்துவிட்டோம். 42 லட்சம் என்பது 30 லட்சமாக இருந்திருந்தாலும் அவர் எடுக்கப்போகும் முடிவு மாறாது. ROAS என்ற சொல்லும் இல்லை. நூற்றுக்கு நாற்பது நிற்கும் நிறுவனத்துக்குப் போட்ட பணம் திரும்பவே இரண்டரை மடங்கு கூடுதல் விற்பனை வேண்டும், எம்.டி. மனதுக்குள் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லாமல் ரூபாயிலேயே சொல்லிவிடலாம்.

குழுவில் இருந்த இளம்பெண் ஒருவர் ஒரு நல்ல கேள்வி கேட்டார்: “மேடம், 36 லட்சம்ங்கிறது நம்ம ஊகம்தானே? அதை வச்சு நஷ்டம்னு இவ்வளவு உறுதியா எழுதலாமா?” அதற்கு ஒரு சோதனை இருக்கிறது. அந்த 36ஐ 32 ஆகவும் 40 ஆகவும் மாற்றிப் போட்டுப் பார்த்தோம். நஷ்டம் மூன்றரை லட்சத்திலிருந்து ஏழு லட்சத்துக்குள் நின்றது. எங்கே வைத்தாலும் நஷ்டம் நஷ்டமாகவே இருக்கிறது, பரிந்துரையும் மாறவில்லை. அப்போது “5 லட்சம் அளவுக்கு நஷ்டம்” என்று எழுதுவது நேர்மையானதே. ஒரு முனையில் லாபமும் மறுமுனையில் நஷ்டமும் வந்திருந்தால் ஒற்றை எண்ணைக் கொடுத்திருக்க மாட்டேன். “லாபமா நஷ்டமா என்று இந்தத் தரவிலிருந்து சொல்ல முடியவில்லை” என்பதையே முதல் வாக்கியமாக எழுதியிருப்போம். அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை பணம் போடுகிறவருக்கு உண்டு.

டீலர் பற்றிய அடைப்புக்குறியை எடுத்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார், வாக்கியம் நீளுகிறது என்று. நான் சம்மதிக்கவில்லை. விளம்பரத்தைக் கைபேசியில் பார்த்துவிட்டு தெருமுனைக் கடையில் போய் வாங்குகிறவர்கள் மிக்ஸி வியாபாரத்தில் ஏராளம். அந்த விற்பனை பெரியதாக இருந்தால் இந்த 5 லட்சம் நஷ்டம் மறைந்தே போகலாம். முடிவைத் திருப்பிப் போடக்கூடிய ஒரு குறை கணக்கில் இருக்கும்போது அதை முப்பதாம் பக்கத்தில் வைப்பது மறைப்பதற்குச் சமம். அதே நேரம், தெரியாதவை எல்லாவற்றையும் மேலே கொட்டினால் மூன்று வாக்கியம் பத்தாகிவிடும். முடிவை மாற்றக்கூடிய ஒன்றை மட்டும் மேலே வைத்துவிட்டு, மற்றவற்றை உள்ளே வைக்கலாம்.

எம்.டி.யின் பதில் அன்று மாலையே வந்தது. பெயர்த் தேடல் விளம்பரத்தை நிறுத்தச் சொன்னார், 8 லட்சத்துக்கு ஒப்புதல் தந்தார், டீலர் விற்பனையை மாவட்டவாரியாகக் காட்ட முடியுமா என்று கேட்டார். அதனால் பொங்கல் இயக்கத்தில் விளம்பரமே ஓடாத இரண்டு மாவட்டங்களை முதல் நாளிலிருந்தே ஒதுக்கிவைத்தோம். நிறுவனம் டீலருக்கு அனுப்பும் சரக்கின் கணக்கு இதற்குப் போதாது, ஏனென்றால் அது பண்டிகைக்கு முன்பே கடைகளில் போய் அடுக்கப்பட்டுவிடும். வாங்கியவர்கள் வாரண்டிக்குப் பதிவு செய்யும்போது தரும் பின்கோடை வைத்து எந்த மாவட்டத்தில் எத்தனை மிக்ஸி வீட்டுக்குப் போனது என்று எண்ணத் தொடங்கினோம். எல்லாரும் பதிவு செய்வதில்லை. ஆனால் பதிவு செய்கிறவர்களின் விகிதம் மாவட்டத்துக்கு மாவட்டம் முந்தைய மாதங்களில் எப்படி இருந்தது என்பது கையில் இருப்பதால், விளம்பரம் ஓடிய இடத்தையும் ஓடாத இடத்தையும் ஒப்பிட அது போதும்.