தொகுதியைப் பார்த்தோம், பகுதியைப் பார்த்தோமா?

சில மாதங்களுக்கு முன் ஒரு மாணவி லேப்டாப்பைத் திறந்து ஒரு பார் சார்ட்டைக் காட்டினார். "மேடம், மருந்து போட்டதும் ப்ரொமோட்டர் சரிபாதியா இறங்கிடுச்சு." ஒரு ஜீனை இயக்கும் டிஎன்ஏ துண்டுதான் ப்ரொமோட்டர்; அதன் சக்தியை ஒளியாக அளக்கும் லூசிஃபெரேஸ் சோதனையின் படம் அது. படம் அழகாகத்தான் இருந்தது. அதனால்தான் எனக்குச் சந்தேகம். "மெஷின் கொடுத்த எண்களைக் காட்டுங்கம்மா" என்றேன். "இது நார்மலைஸ் பண்ணதுதான் மேடம்." "அதுக்கு முன்னாடி உள்ளது."

இந்தச் சோதனையில் ப்ரொமோட்டரின் சக்தியைக் காட்டுவது மின்மினி ஒளி, அதை வகுக்கப் பயன்படுவது ரெனில்லா ஒளி. செல்கள் வளரும் பிளேட்டில், மருந்து போடாத குழிகளில் மின்மினி ஒளி சராசரியாக 82,000, ரெனில்லா ஒளி 40,000. மருந்து போட்டவற்றில் மின்மினி 80,000, ரெனில்லா 80,000. விகிதம் 2.05-லிருந்து 1-க்கு இறங்கியிருக்கிறது. ஆனால் நாங்கள் சோதிக்க வந்த ப்ரொமோட்டரின் ஒளி அசையவே இல்லை. அசைந்தது பகுதி எண்.

லூசிஃபெரேஸ் சோதனை செய்கிறவர்களுக்கு இது தெரியாத விஷயமல்ல. தெரிந்தும், எக்செல் விகிதத்தைப் போட்டுக் கொடுத்துவிடுவதால் யாரும் பின்னால் திரும்பிப் பார்ப்பதில்லை.

சோதனையின் அடிப்படை எளியது. ஒரு ஜீனுக்கு முன்னால் இருக்கும் டிஎன்ஏ துண்டு அதை இயக்குகிறதா என்று பார்க்க, அந்தத் துண்டை பிளாஸ்மிட் என்ற சிறு வட்ட டிஎன்ஏவில் மின்மினிப் பூச்சியின் லூசிஃபெரேஸ் ஜீனுக்கு முன்னால் ஒட்டுகிறோம். துண்டுக்குச் சக்தி இருந்தால் செல் அந்த நொதியைத் தயாரிக்கும். ஒன்றிரண்டு நாளில் செல்லை உடைத்து லூசிஃபெரின் ஊற்றினால் மஞ்சள்-பச்சை ஒளி வரும். ஆனால் எல்லாக் குழியிலும் ஒரே அளவு பிளாஸ்மிட் செல்லுக்குள் போகாது, செல்லின் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்காது. அதைச் சரிக்கட்டத்தான் ரெனில்லா. அது பவள இனத்தைச் சேர்ந்த ஒரு கடல் உயிரியின் லூசிஃபெரேஸ். வேறு அடிமூலப் பொருளை எடுத்து நீல ஒளி தரும். எப்போதும் இயங்கும் ஒரு ப்ரொமோட்டருக்குப் பின்னால் வைத்து, அதையும் கூடவே செல்லுக்குள் அனுப்புகிறோம். முதலில் மின்மினி ஒளியை அளந்து, அதை அணைக்கும் கரைசலோடு ரெனில்லாவின் பொருளைச் சேர்த்து அடுத்த ஒளியை அளக்கிறோம். முன்னதைப் பின்னதால் வகுக்கிறோம்.

வகுப்பது எப்போது உதவும் என்பதற்கு டெர்ட் ஜீனை எடுத்துக்கொள்ளலாம். குரோமோசோமின் நுனிகளான டெலோமியர்களை நீட்டும் நொதியின் ஜீன் அது. 2013-இல் மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் அதன் ப்ரொமோட்டரில் ஓரெழுத்து மாற்றங்கள் இருப்பதை இரண்டு குழுக்கள் ஒரே நேரத்தில் வெளியிட்டன. புரதத்துக்கான வரிசை தொடங்கும் இடத்துக்கு 124 எழுத்து முன்னால் இருக்கும் மாற்றம் பிரபலமானது. அங்கே `CTCCGG` என்பது `TTCCGG` ஆகிறது. ஜீன்களை இயக்கும் ஈடிஎஸ் குடும்பப் புரதங்கள் வந்து உட்கார ஒரு புதிய இடம் கிடைக்கிறது. புரதத்தின் வரிசையில் ஒரு மாற்றமும் கிடையாது. ஆகவே ப்ரொமோட்டரின் சக்தி கூடியதா என்பதுதான் கேள்வி. லூசிஃபெரேஸ் சோதனையில் இரண்டு முதல் நான்கு மடங்கு கூடியதாகப் பதிவானது.

இதையே உங்கள் லேபில் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்க உருண்டையான எண்களாகச் சொல்கிறேன். ப்ரொமோட்டர் இல்லாத வெற்று பிளாஸ்மிட்டில் மின்மினி 2,000, ரெனில்லா 4,00,000. இயல்பான டெர்ட் துண்டில் 60,000, 3,00,000. மாற்றம் உள்ள துண்டில் 90,000, 1,50,000. மின்மினியை மட்டும் பார்த்தால் மாற்றத்தால் ஒன்றரை மடங்குதான் கூடியிருக்கிறது. வகுத்தால் 0.2-க்கு எதிராக 0.6, அதாவது மூன்று மடங்கு. மூன்றாவது பிளாஸ்மிட் செல்லுக்குள் சரியாகப் போகவில்லை என்பதை ரெனில்லா காட்டிக்கொடுத்துவிட்டது. வெற்று பிளாஸ்மிட்டின் 0.005-ஐயும் பாருங்கள். இயல்பான துண்டு அதைவிட 40 மடங்கு. அது இரண்டு மடங்காக மட்டும் இருந்திருந்தால் அந்தத் துண்டை ப்ரொமோட்டர் என்று அழைக்கவே நான் யோசிப்பேன். பிளாஸ்மிட்டின் உடலிலிருந்தே கொஞ்சம் ஒளி கசியும். வெற்று பிளாஸ்மிட் இல்லாத பிளேட்டை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். (பிளாஸ்மிட் எதுவும் போடாத செல்களின் எண்ணையும் இரண்டிலிருந்தும் கழிக்க வேண்டும். பலர் மறப்பது.)

இங்கே வகுப்பது சரி, ஏனென்றால் எல்லாக் குழிகளுக்கும் ஒரே சூழல், துண்டு மட்டும்தான் வேறு. மருந்து வரும்போது கதை மாறுகிறது. ரெனில்லாவை இயக்குவதும் ஒரு ப்ரொமோட்டர்தானே? மாணவி பயன்படுத்தியது சிஎம்வி என்ற வைரஸ் ப்ரொமோட்டர். அதில் என்எஃப்-கப்பாபி போன்ற புரதங்கள் உட்காரும் இடங்கள் ஏராளம். செல்லின் சமிக்ஞைகளைத் தூண்டும் எந்த மருந்தும் அதை ஏற்றிவிடலாம்.

உடனே "சிஎம்வி-தான் குற்றவாளி" என்றும் சொல்லிவிடக் கூடாது. மருந்தால் செல்கள் இரட்டிப்பாகியிருந்தாலும் ரெனில்லா இரட்டிப்பாகும். அப்போது விகிதம் சொல்வதுதான் உண்மை, ப்ரொமோட்டர் நிஜமாகவே பாதியாகியிருக்கும். இரண்டையும் பிரிக்க, அதே கரைசல்களில் மொத்தப் புரதத்தை அளக்கச் சொன்னேன். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். பிறகு டிகே என்ற பலவீனமான ப்ரொமோட்டர் உள்ள ரெனில்லாவுக்கு மாற்றி, குழிக்கு 100 நானோகிராம் மின்மினி பிளாஸ்மிட்டுக்கு 5 நானோகிராம் மட்டும் போட்டார். ரெனில்லா அசையவில்லை, மின்மினியும் அசையவில்லை. விகிதம் தட்டையாக நின்றது.

முதல் படம் அவ்வளவு அழகாக இருந்ததற்கும் காரணம் தெரிந்தது. ஒரே நாளில், ஒரே கலவையிலிருந்து நிரப்பிய மூன்று குழிகள். அது நம் பிப்பெட் பிடிக்கும் கையின் சீரைக் காட்டுமே தவிர வேறொன்றையும் காட்டாது. இந்த முறை மூன்று வெவ்வேறு நாட்களில், புதிதாக வளர்த்த செல்களில் செய்ய வைத்தேன்.

மருந்து நேரடியாக நொதியையே தொடும் வாய்ப்பும் உண்டு. திராட்சைத் தோலில் இருக்கும் ரெஸ்வெரட்ரால் மின்மினி லூசிஃபெரேஸைத் தடுக்கும். ரெனில்லாவை அப்படித் தடுப்பதில்லை. அதைப் போட்டால் எந்த ப்ரொமோட்டரும் "இறங்கும்". பார்ப்பது எளிது: மருந்து படாத செல்லின் கரைசலில், அளப்பதற்குச் சற்று முன் மருந்தைக் கலந்து பாருங்கள். அங்கேயும் ஒளி குறைந்தால் ப்ரொமோட்டரைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

இவ்வளவும் சரியாக வந்தாலும் பிளாஸ்மிட் குரோமோசோம் ஆகாது. டெர்ட் கதைக்கே திரும்பினால், 2015-இல் மனிதக் கருத் தண்டுச் செல்களின் குரோமோசோமிலேயே அந்த மாற்றங்களைப் புகுத்திப் பார்த்தார்கள். தண்டுச் செல்லாக இருந்தவரை பெரிய வித்தியாசம் இல்லை. அந்தச் செல்கள் வேறு வகையாக முதிரும்போது வழக்கமாக அணைந்துவிட வேண்டிய டெர்ட், அணையாமல் நின்றது. இரண்டு நாள் செல்லில் இருந்துவிட்டுப் போகும் பிளாஸ்மிட் இதைக் காட்டியிருக்க வழியில்லை.

மாணவியின் மருந்துக்கு என்ன ஆயிற்று? அந்த ஜீனிலிருந்து செல் எடுக்கும் நகலான எம்ஆர்என்ஏவை அளந்தபோது மருந்தால் அது குறையத்தான் செய்கிறது. ஆக, விளைவு உண்டு, ஆனால் நாங்கள் ஒட்டிய 800 எழுத்துத் துண்டின் வழியாக அது வரவில்லை. தொலைவில் இருந்தபடி ஜீனைத் தூண்டும் என்ஹான்சர் என்ற டிஎன்ஏ துண்டா, எம்ஆர்என்ஏ சீக்கிரம் சிதைகிறதா? இப்போது ஆக்டினோமைசின்-டி போட்டு, புதிய எம்ஆர்என்ஏ உருவாவதை நிறுத்தி, இருப்பது எவ்வளவு வேகத்தில் கரைகிறது என்று மணிக்கணக்கில் அளந்துகொண்டிருக்கிறார்.