உண்டியல் மறுக்கப்பட்டபோது அது யார் கையில் இருந்தது?

திருகோணமலை நகரில் வலையும் கயிறும் விற்கும் கடைக்காரர் ஒருவர், திருக்கடலூர்ச் சம்மாட்டி ஒருவருக்கு ஆகஸ்ட் 10 அன்று ரூ. 400,000 பெறுமதியான வலைகளைக் கடனுக்குக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அன்றே, மூன்று மாதத்தில் அந்தத் தொகையைக் கட்டும்படி பணிக்கும் மாற்றுண்டியல் ஒன்றை எழுதி நீட்டுகிறார். சம்மாட்டி அதில் ஒப்பமிட்டு ஏற்கிறார். உண்டியலை வரைந்தவர் கடைக்காரர், ஏற்றவர் சம்மாட்டி. நவம்பர் 10உடன் மூன்று மாதம் முடிகிறது. ஆனால் 1927ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க மாற்றுண்டியல் கட்டளைச் சட்டம் மூன்று சலுகை நாள்களைத் தருவதால், பணம் கட்டவேண்டிய நாள் நவம்பர் 13.

பதிவுகளுக்குப் போகுமுன் ஒரு சொல் விளக்கம். நம் நாட்டுப் பாடநூல்களில் இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. தமிழகத்து நூல்களில் இடப்பக்கம் பற்று, வலப்பக்கம் வரவு. ஒரே 'வரவு' இரண்டு கரைகளிலும் எதிரெதிர்ப் பொருள் தருகிறது. இணையத்தில் கிடைக்கும் தமிழகக் குறிப்புகளைப் பார்த்துப் படிக்கும் மாணவர்கள் பலர் தடுமாறுவது இங்கேதான். கீழே வருவதெல்லாம் இலங்கை வழக்கு.

விற்பனை நடந்தபோதே சம்மாட்டி கணக்கில் 400,000 வரவு விழுந்துவிட்டது. உண்டியலை ஏற்றதும் கடைக்காரர் 'வருமதி உண்டியல்' கணக்கை வரவும், சம்மாட்டி கணக்கைச் செலவும் வைக்கிறார். அதாவது, ஆளிடமிருந்த கடன் ஒரு தாளுக்கு மாறிவிட்டது. சம்மாட்டியின் ஏட்டில் இதன் மறுபக்கம் பதிவாகும்: கடைக்காரர் கணக்கு வரவு, 'சென்மதி உண்டியல்' செலவு.

செப்டெம்பர் 10 அன்று கடைக்காரருக்குக் காசு தேவைப்படுகிறது. உண்டியலை வங்கியிடம் ஆண்டுக்கு 15% வீதத்தில் கழிவு செய்கிறார், அதாவது முதிரும் முன்பே குறைந்த தொகைக்கு வங்கியிடம் கொடுத்துவிடுகிறார். கழிவைக் கணிக்க வேண்டியது உண்டியலின் முழுக் காலத்துக்கு அல்ல, எஞ்சியிருக்கும் காலத்துக்கு. மூன்று மாத உண்டியல் என்பதற்காக மூன்று மாதக் கழிவைப் போட்டு 15,000 என எழுதுவது வழக்கமான பிழை. எஞ்சியது இரண்டு மாதம். எனவே 400,000இல் 15%, அதில் பன்னிரண்டில் இரண்டு பங்கு, 10,000. வங்கியோ சலுகை நாள்களையும் சேர்த்து 64 நாள் எனக் கணக்கிட்டால் கழிவு ஏறத்தாழ 10,520 ஆகும். பரீட்சையில் மாதக் கணக்கு போதும். கடையில் வங்கிச் சீட்டில் உள்ள தொகையைத்தான் எழுத வேண்டும். நாம் 10,000ஐயே எடுத்துக்கொள்வோம்.

கடைக்காரரின் பதிவு: வங்கி வரவு 390,000, உண்டியல் கழிவு வரவு 10,000, வருமதி உண்டியல் செலவு 400,000. சம்மாட்டியின் ஏட்டில் அன்று எந்தப் பதிவும் இல்லை. தாள் கடைக்காரரிடம் இருந்தால் என்ன, வங்கியிடம் இருந்தால் என்ன, அவர் கட்டவேண்டியது அதே 400,000தான். உண்டியல் எத்தனை கைமாறினாலும் ஏற்றவரின் ஏடு அசையாது, வரைந்தவரின் ஏடோ தாள் அவர் கையை விட்டுப் போகும்போது அசையும். மீதி எல்லாம் இந்த வேறுபாட்டிலிருந்தே பிறக்கிறது.

நவம்பரில் வாடை தொடங்கிவிட்டது. படகுகள் கரையில் கிடக்கின்றன, சம்மாட்டியிடம் காசில்லை. 13ஆம் திகதி வங்கி உண்டியலை நீட்ட, பணம் மறுக்கப்படுகிறது. மறுப்பை நொத்தாரிசு உண்டியலில் குறித்துத் தருகிறார். அதற்கான குறிப்புச் செலவு ரூ. 1,500 என்போம். மறுப்பை வங்கி கடைக்காரருக்கு உரிய காலத்தில் அறிவிக்கவும் வேண்டும். அறிவிக்கத் தவறினால், வரைந்தவர் என்ற வகையில் அவருக்குள்ள பொறுப்பு நீங்கிவிடக்கூடும். அறிவித்தலைக் கொடுத்துவிட்டு, வங்கி அவருடைய நடைமுறைக் கணக்கிலிருந்து 401,500ஐ எடுத்துக்கொள்கிறது.

இப்போது கடைக்காரர் எந்தக் கணக்கைச் செலவு வைப்பது? மறுக்கப்பட்டது வருமதி உண்டியல்தானே என்று அந்தக் கணக்கைச் செலவு வைப்பவர்கள் உண்டு. அது தவறு. அந்தத் தாள் செப்டெம்பரிலேயே ஏட்டை விட்டுப் போய்விட்டது. மறுபடி செலவு வைத்தால் வருமதி உண்டியல் கணக்கு 400,000 செலவு மீதியைக் காட்டும். சொத்துக் கணக்கில் செலவு மீதி கண்டால் பிழை இங்கே நடந்ததா என்று முதலில் தேடுங்கள். சரியான பதிவு: சம்மாட்டி கணக்கு வரவு 401,500, வங்கி செலவு 401,500. உண்டியலைத் தன்னிடமே வைத்திருந்து மறுப்பு நேர்ந்திருந்தால் மட்டும் வருமதி உண்டியலைச் செலவு வைக்க வேண்டும். வலை கொடுத்த கொழும்பு வியாபாரிக்குப் புறக்குறிப்பிட்டுக் கொடுத்திருந்தால், செலவு அந்த வியாபாரியின் கணக்குக்குப் போகும்.

இன்னொரு பொறி, 10,000 கழிவு. அது வங்கி தந்த காசுக்கு இரண்டு மாத வட்டி. வங்கி அதைத் திருப்பித் தராது, சம்மாட்டி தலையிலும் கட்ட முடியாது. மறுப்பு நேர்ந்தது என்பதற்காக அந்தப் பதிவைத் தலைகீழாக்கக் கூடாது. குறிப்புச் செலவு அப்படியல்ல. பணம் கட்டத் தவறியவரால் வந்த செலவு என்பதால் அது சம்மாட்டியையே சேரும்.

சம்மாட்டியின் ஏட்டில், தாள் எவர் கையில் இருந்தாலும், பதிவு ஒன்றுதான்: சென்மதி உண்டியல் வரவு 400,000, குறிப்புச் செலவு வரவு 1,500, கடைக்காரர் கணக்கு செலவு 401,500. வங்கியின் பெயர் இங்கே வரவே வராது. இரண்டு ஏடுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒருவர் கணக்கில் வரவு 401,500, மற்றவர் கணக்கில் செலவு 401,500 என்று இருக்க வேண்டும். வித்தியாசம் சரியாக 1,500 என்றால் சம்மாட்டி குறிப்புச் செலவை எழுத மறந்திருக்கிறார்.

நவம்பர் 20 அன்று இருவரும் பேசி உண்டியலைப் புதுப்பிக்கிறார்கள். சம்மாட்டி 101,500ஐக் கடைக்காரரின் வங்கிக் கணக்குக்கு அனுப்புகிறார். மீதிக்கு ஆண்டுக்கு 16% வட்டியுடன் நான்கு மாதப் புதிய உண்டியல். சலுகை நாள்களோடு மார்ச் 23 வரை அவகாசம், அதற்குள் கிழக்குக் கடல் அடங்கத் தொடங்கிவிடும். வட்டி பழைய 400,000க்கு அல்ல, இனிமேலும் கடனாக நிற்கும் 300,000க்கு: நான்கு மாதத்துக்கு 16,000. அதையும் சேர்த்தால் புதிய உண்டியல் 316,000.

கடைக்காரர் முதலில் வட்டியை எழுதுகிறார்: சம்மாட்டி வரவு 16,000, வட்டி வருமானம் செலவு 16,000. பிறகு வங்கி வரவு 101,500, வருமதி உண்டியல் வரவு 316,000, சம்மாட்டி செலவு 417,500. சம்மாட்டியும் தன் பக்கம் வட்டிச் செலவை 16,000 வரவும் கடைக்காரரைச் செலவும் வைத்துவிட்டு, கடைக்காரர் வரவு 417,500, வங்கி செலவு 101,500, சென்மதி உண்டியல் செலவு 316,000 என எழுதுகிறார். வட்டியை உடனே காசாகக் கொடுத்திருந்தால் புதிய உண்டியல் 300,000 மட்டுமே. வட்டிப் பதிவை விட்டுவிட்டு 316,000க்கு உண்டியலை ஏற்றினால் சம்மாட்டி கணக்கு தீராமல் 16,000 செலவு மீதியோடு நிற்கும். புதுப்பித்தலில் பிழை நடந்ததற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது.

கழிவு செய்த உண்டியல் இன்னும் முதிராத நிலையில் நிதியாண்டு முடிந்தால் என்ன செய்வது? பாடநூல் மரபில் அது ஐந்தொகைக்கு அடியில் 'நிகழத்தக்க பொறுப்பு' என்ற குறிப்பாக வரும். இலங்கை நிதி அறிக்கையிடல் நியமமான SLFRS 9ஐப் பின்பற்றும் நிறுவனம் இதோடு நிறுத்த முடியாது. மறுத்தால் கடைக்காரரிடமே வங்கி திரும்பி வரும் என்றால், கடனின் ஆபத்து அவரை விட்டுப் போகவில்லை. எனவே உண்டியல் சொத்தாகவே ஏட்டில் நிற்கும், வங்கி தந்த காசு கடனாகக் காட்டப்படும். மேலே எழுதிய செப்டெம்பர்ப் பதிவில் வருமதி உண்டியலுக்குப் பதில் வங்கிக் கடன் கணக்கைச் செலவு வைக்க வேண்டியிருக்கும். நவம்பர் 13 அன்று அந்தக் கடன் தீரும், உண்டியலும் அன்றுதான் ஏட்டை விட்டுப் போய்ச் சம்மாட்டி கணக்காக மாறும்.