மார்ச் 31-இல் பிடிக்கும் வரி: இரண்டு நிதியாண்டுகளைத் தாண்டும் என்ஆர்ஓ வைப்பு

பினாங்கில் வேலை பார்க்கும் ஒருவர், வெளிநாட்டில் வசிப்பவர்கள் இந்திய வருமானத்துக்காக ஊரில் வைத்திருக்கும் என்ஆர்ஓ கணக்கிலிருந்து 2024 அக்டோபர் 1-இல் 5 லட்சம் ரூபாயை ஓராண்டுக்கு வைப்பில் போடுகிறார். வட்டி 7%, காலாண்டுக்கொருமுறை அசலோடு சேரும். முதிர்வில் வட்டி ஏறத்தாழ 35,929 ரூபாய். பணம் 2025 அக்டோபரில்தான் கைக்கு வரும் என்பதால், வரியும் அப்போதுதான் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள்.

வங்கிக் கணக்கு அப்படி ஓடுவதில்லை. இந்திய நிதியாண்டு மார்ச் 31-இல் முடிகிறது. அதற்குள் சேர்ந்த வட்டி சுமார் 17,653 ரூபாய். கைக்கு வராவிட்டாலும் அது வரவு வைக்கப்பட்டதுதான். வெளிநாட்டில் வசிப்பவர் என்பதால் அதில் 30% வரியும் அதன்மேல் 4% செஸ்ஸும், ஆக 31.2% பிடிப்பார்கள்: சுமார் 5,508 ரூபாய். மீதி வட்டி 18,276-க்கு அடுத்த நிதியாண்டில் சுமார் 5,702 ரூபாய்.

சிக்கல் வருமான வரித் தாக்கலில்தான் தலைகாட்டும். மொத்த வட்டியையும் முதிர்ந்த ஆண்டில் காட்டி, 11,210 ரூபாயையும் அந்த ஆண்டிலேயே கழிக்கக் கேட்டால், பிடித்த வரியை ஆண்டுவாரியாகக் காட்டும் படிவம் 26AS-இல் அந்த ஆண்டுக்குப் பாதிதான் இருக்கும். கணக்கு ஒட்டாது, நோட்டீஸ் வரலாம். எந்த ஆண்டு வட்டியோ அந்த ஆண்டு வரி என்று பிரித்துக் காட்டுவதே எளிது. பணம் கைக்கு வரும்போதுதான் காட்டுவேன் என்பவர், முதல் ஆண்டும் தாக்கல் செய்து, பிடித்த வரியை அடுத்த ஆண்டுக்கு எடுத்துச்செல்வதாக TDS அட்டவணையில் குறிக்க வேண்டும். இரண்டில் எதைத் தேர்ந்தாலும், ஆண்டுக்கு ஆண்டு முறையை மாற்றக் கூடாது.

இந்தியாவில் இந்த வட்டி தவிர வேறு வருமானம் இல்லையென்றால், அடிப்படை விலக்கு வரம்புக்குள்தான் இருப்பீர்கள். பிடித்த வரி முழுவதும் திரும்பக் கிடைக்கும். ஆனால் தாக்கல் செய்தால்தான்.

வரியை முன்கூட்டியே குறைக்கவும் வழி இருக்கிறது. இந்திய - மலேசிய இரட்டை வரி ஒப்பந்தப்படி வட்டிக்கு 10% தான். அதற்கு மலேசிய உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் வசிப்பிடச் சான்றிதழையும், இந்திய வருமான வரி இணையதளத்தில் நிரப்பிய படிவம் 10F-ஐயும் வங்கியிடம் கொடுக்க வேண்டும். சறுக்குவது இங்கேதான். வைப்பு தொடங்கும்போது ஒருமுறை கொடுத்த தாள்கள் அந்த நிதியாண்டோடு காலாவதியாகும். ஏப்ரலில் புதிதாகக் கொடுக்காவிட்டால், இரண்டாம் பாதிக்கு 1,828 ரூபாய்க்குப் பதில் 5,702 ரூபாய் போய்விடும். மலேசியச் சான்றிதழ் ஜனவரி - டிசம்பர் கணக்கு, இந்திய நிதியாண்டோ ஏப்ரல் - மார்ச். அதனால் ஒரே நிதியாண்டுக்கு இரண்டு ஆண்டுகளின் சான்றிதழ்களை வங்கி கேட்கக்கூடும். இரண்டாவதற்கு ஜனவரியிலேயே விண்ணப்பித்துவிட்டால், மார்ச் 31-க்கு முன் வங்கியின் கையில் இருக்க வாய்ப்பு அதிகம்.