வார்ப்பு: சிறுநீரில் தெரியும் 'காஸ்ட்' என்பது என்ன?

சிறுநீர்ப் பரிசோதனை ரிப்போர்ட்டின் அடிப்பகுதியில், நுண்ணோக்கியில் பார்த்ததை எழுதும் இடத்தில், 'காஸ்ட்' என்று ஒரு வரி இருக்கும். பெரும்பாலும் அதற்கு நேரே 'இல்லை' என்றுதான் இருக்கும். தமிழில் எழுதினால் இந்தச் சொல் பாடாய்ப் படுத்துகிறது. விலையும் காஸ்ட், சாதியும் காஸ்ட், இதுவும் காஸ்ட். ஆங்கிலத்தில் மூன்றுக்கும் எழுத்து வேறு, தமிழில் ஒன்றேதான். அதனால் இதற்குத் தமிழ்ச்சொல் தேவை என்பது வெறும் மொழிப்பற்று மட்டும் இல்லை.

ஆங்கிலச் சொல்லின் வேர் பழைய நார்ஸ் மொழியில் இருக்கிறது. அங்கே 'கஸ்தா' என்றால் எறிதல். எறிதல் என்ற பொருளிலிருந்து, உருக்கிய உலோகத்தை அச்சில் ஊற்றுதல் என்ற பொருள் கிளைத்தது. பிறகு ஊற்றி இறுகி, அச்சின் வடிவத்தோடு வெளியே வரும் பொருளுக்கே அந்தப் பெயர் வந்தது. சிறுநீரில் நாம் பார்ப்பது இந்தக் கடைசிப் பொருளைத்தான்.

சிறுநீரகத்துக்குள் லட்சக்கணக்கான நுண்குழாய்கள் இருக்கின்றன. ஹென்லே வளைவு என்ற பகுதியின் தடித்த சுவரில் உள்ள செல்கள் ஒரு புரதத்தைச் சுரக்கின்றன. 1950-இல் டாம், ஹார்ஸ்ஃபால் என்ற இருவர் அதைச் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்ததால் டாம்-ஹார்ஸ்ஃபால் புரதம் என்ற பெயரும் அதற்கு உண்டு. சிறுநீர் மெதுவாக ஓடும்போதும், அடர்த்தியும் அமிலத்தன்மையும் கூடும்போதும், இந்தப் புரதம் குழாய்க்குள்ளேயே கூழாக உறைகிறது. உறையும் நேரத்தில் அங்கே என்ன மிதந்துகொண்டிருந்ததோ அதுவும் உள்ளே மாட்டிக்கொள்ளும். அப்புறம் வரும் சிறுநீர் அந்த அடைப்பைத் தள்ளி வெளியே கொண்டுவருகிறது.

இதற்கு 'வார்ப்பு' என்ற சொல்லைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. வார் என்றால் ஊற்று. தோசை வார்க்கிறோம், கஞ்சி வார்க்கிறோம். வார்ப்பிரும்பு என்பது எல்லோருக்கும் தெரிந்த சொல். சுவாமிமலையில் மெழுகு உருவத்தின் மேல் மண் பூசி, சுட்டு, மெழுகு உருகி வெளியேறிய வெற்றிடத்தில் உலோகத்தை வார்க்கிறார்கள். அந்த மண் அச்சு செய்யும் வேலையை இங்கே நுண்குழாய் செய்கிறது. சிலர் 'உருளை' என்று எழுதுகிறார்கள். ஜெர்மானியர்கள் சிலிண்டர் என்றே சொல்வதால் அதிலும் தவறில்லை. ஆனால் உருளை என்ற சொல் வடிவத்தை மட்டும்தான் சொல்லும். எங்கே உருவானது என்பதையும் சேர்த்துச் சொல்வது வார்ப்பு. நோயைக் கண்டுபிடிக்க உதவுவதும் அந்த 'எங்கே'தான்.

ஒரு கேஸைச் சொல்கிறேன். ஒன்பது வயதுப் பையன். மூன்று வாரத்துக்கு முன் காலில் சிரங்கு வந்து ஆறியிருந்தது. இப்போது காலையில் முகம் வீங்குகிறது, சிறுநீர் கட்டன் தேநீர் நிறத்தில் போகிறது. நான் அப்போது வேலை பார்த்த பரிசோதனைக் கூடத்தில் முதல் ரிப்போர்ட் 'சிவப்பணு நிறைய, வார்ப்பு இல்லை' என்று போனது. சிவப்பணு மட்டும் என்றால் ரத்தம் சிறுநீரகம், கல், சிறுநீர்ப்பை என்று எங்கிருந்து வேண்டுமானாலும் வந்திருக்கலாம். மருத்துவர் ஒப்புக்கொள்ளாமல் மறுபடி பார்க்கச் சொன்னார்.

யோசித்தால் பிழை புரிந்தது. சாம்பிள் மூன்று மணி நேரத்துக்கு மேல் மேஜையில் இருந்திருக்கிறது. சிறுநீர் காத்திருக்கக் காத்திருக்கக் காரத்தன்மை ஏறும், வார்ப்பு கரையும். புது சாம்பிள் வாங்கி, அரை மணி நேரத்துக்குள் 10 மில்லியைச் சுழற்றும் கருவியில் வைத்து ஐந்து நிமிடம் மிதமான வேகத்தில் சுழற்றினோம். வேகம் கூடினால் வார்ப்பு உடையும். மேல்நீரை ஊற்றிவிட்டு, அடியில் மிஞ்சிய அரை மில்லி வண்டலைக் கலக்கி ஒரு சொட்டு வைத்தோம். இன்னொரு பிழை வெளிச்சத்தில் இருந்தது. முதலில் பார்த்தவர் முழு வெளிச்சத்தில் பார்த்திருந்தார். வார்ப்பின் கூழ் கிட்டத்தட்ட தண்ணீரைப் போலவே ஒளியை விடுவதால், ஸ்லைடுக்குக் கீழே ஒளியைக் குவிக்கும் கண்டென்சரைக் கொஞ்சம் இறக்கி வெளிச்சத்தைக் குறைத்தால்தான் ஓரம் தெரியும். குறைந்த பெருக்கத்தில் கவர் கிளாஸின் ஓரங்களிலிருந்து தொடங்கினோம், ஏனென்றால் வார்ப்புகள் அங்கேதான் ஒதுங்கும்.

மூன்றாவது ஓரத்தில் இருந்தது. இரண்டு பக்கமும் இணைகோடாக, நுனி மழுங்கலாக, ஆரஞ்சு கலந்த பழுப்பு நிறத்தில் ஒன்று. பெருக்கத்தைக் கூட்டினால் உள்ளே வட்ட வட்டமாகச் சிவப்பணுக்கள் நெருக்கியடித்து நின்றன. சிவப்பணு வார்ப்பு. ரத்தம் நுண்குழாய்க்குள்ளேயே இருந்திருக்கிறது, அதாவது சிறுநீரகத்தின் வடிகட்டியே கசிகிறது. சிரங்குக்குப் பின் வரும் வடிகட்டி அழற்சி என்ற மருத்துவரின் சந்தேகத்துக்கு அது வலுவான சான்று.

போலிகளும் உண்டு. சளி இழை வார்ப்பைப் போல நீளமாக இருக்கும், ஆனால் நுனி நூலாக மெலிந்துபோகும். பஞ்சு நாரின் ஓரம் கறுப்பாக, கனமாகத் தெரியும். யூரேட் என்ற உப்பின் துகள்கள் வரிசையாகச் சேர்ந்தும் ஏமாற்றும். அவற்றை 60 டிகிரிக்குச் சூடாக்கினால் கரைந்துவிடும்.

சிவப்பணுவிலேயே குழப்பம் வரும். அது 7 மைக்ரான் அளவில், கரு இல்லாத, இரண்டு பக்கமும் குழிந்த வட்டு. இலங்கைத் தமிழில் இதற்குச் செங்குழியம் என்ற பெயர்; குழி என்ற ஒலி அதில் இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. ஈஸ்டும் கால்சியம் ஆக்ஸலேட்டின் முட்டை வடிவப் படிகமும் அச்சாக அதைப் போலவே தெரியும். சந்தேகம் வந்தால் ஸ்லைடில் ஒரு துளி நீர்த்த அசிட்டிக் அமிலம் விடுங்கள். சிவப்பணு உடைந்து மறையும், மற்ற இரண்டும் அப்படியே நிற்கும். ஈஸ்ட் என்றால் எங்காவது மொட்டு விட்டிருக்கும். அதே ஆக்ஸலேட்டின் இன்னொரு வகை, தபால் உறையின் பின்பக்கம் போலப் பெருக்கல் குறியோடு இருக்கும், அதில் யாரும் ஏமாற மாட்டார்கள்.

படிகம் என்ற சொல்லைப் பார்த்துச் சிலர் 'படி'தலிலிருந்து வந்தது என்று நினைக்கிறார்கள். அது ஸ்படிகத்திலிருந்து வந்த சொல். ஆங்கிலத்தின் கிறிஸ்டல் கிரேக்கத்தில் பனிக்கட்டியைக் குறித்தது. அடியில் படிவதற்கு நம்மிடம் வண்டல் இருக்கிறது, அதுவே போதும்.

வார்ப்பின் வகைகளுக்கும் பெயர் வேண்டும். ஒன்றும் சிக்காமல் கூழ் மட்டும் இருப்பதைக் கண்ணாடி வார்ப்பு எனலாம். ஓடி விளையாடிய பிறகு, காய்ச்சலில், தண்ணீர் குறைவாகக் குடித்த நாளில் நல்ல உடம்பிலும் ஒன்றிரண்டு வரும். உள்ளே துகள் துகளாக இருப்பதற்கு நான் குருணை வார்ப்பு என்றே சொல்கிறேன். மணல் வார்ப்பு என்று எழுதியதைப் பார்த்திருக்கிறேன், ஆனால் அது இரும்புப் பட்டறையில் மணல் அச்சில் வார்ப்பதற்கு ஏற்கெனவே இருக்கும் பெயர். மெழுகு வார்ப்பு என்பதும் அதே காரணத்தால் ஆகாது, சுவாமிமலைக்குப் போய்விடும். நாட்பட்ட சிறுநீரக நோயில் வரும் அந்த வெட்டுப்பட்ட ஓரமுள்ள வகையை மெழுகுநிற வார்ப்பு என்று எழுதுகிறேன்.